பெரா ரிப்போர்ட்டில் 50 என்றால் பாதி காது கேட்காது என்று அர்த்தமா?

கேள்வி: "எங்கள் ஊர் வீரவநல்லூர். மகனுக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. 34 வாரத்தில் பிறந்தவன். மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை என்று இரண்டு வாரம் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் இருந்தான். ஓஏஇ டெஸ்ட் இரண்டு முறை எடுத்தும் இரண்டு காதிலும் பாஸ் ஆகாமல் 'ரெஃபர்' என்றே வந்தது. போன வாரம் திருநெல்வேலியில் பெரா டெஸ்ட் எடுத்தோம். பாதியில் விழித்து அழுதுவிட்டான். வலது காதில் V அலை 50 வரை வந்தது, 40இல் வரவில்லை; 70இல் I – 2.6, V – 7.3 என்று எழுதியிருக்கிறார்கள். இடது காதில் 90இல் V வந்தது, அதற்குப் பிறகு எடுக்க முடியவில்லை. மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். தூங்காவிட்டால் மருந்து கொடுப்பார்களாம். 50 என்றால் பாதி காது கேட்காதா? தூங்குகிற பிள்ளைக்குக் கேட்டதா இல்லையா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஆச்சியோ, 'டம்ளர் விழுந்தா டக்குனு திரும்புதான்லா, இவனுக்கா காது கேக்கலங்கிய?' என்கிறார். யாரை நம்புவது?"

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த 50. அது சதவீதம் இல்லை. டெசிபல் என்கிற சத்த அளவு. பக்கத்தில் dBnHL என்று அச்சாகியிருக்கும், பாருங்கள். பெரா என்பது காதில் சத்தம் கொடுத்து, கேட்கும் நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின் அலையைக் கோடாகப் பதிவு செய்யும் பரிசோதனை. அதில் எந்த அளவு சத்தம் வரை அலை தெரிந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நன்றாகக் கேட்கும் குழந்தைக்கு 20, 30 வரைகூட அலை தெரியும். உங்கள் மகனுக்கு வலது காதில் 50இல் நின்றுவிட்டது. அப்புறம், காதுக்கு எட்டும் மிக மெல்லிய சத்தத்துக்கும் அலை வந்துவிடாது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் கோட்டில் தெரியும். அதனால் 50இல் அலை நின்றால், உண்மையில் கேட்கும் எல்லை சுமார் 40 பக்கம் இருக்கும் என்று கணக்கிடுவோம். குறை இருக்கிறது. பாதிக் காது போய்விட்டது என்று மட்டும் அதற்குப் பொருள் இல்லை. ஆனால் இந்த எண்ணைவிட அந்த ரிப்போர்ட்டில் முக்கியமான விஷயம் வேறொன்று உண்டு. மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அது புரியும் என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன்.

காதுக்குள் ஒரு சத்தம் போனதும் உட்காதின் நத்தை எலும்பிலிருந்து கேட்கும் நரம்பு கிளம்பி, மூளைத்தண்டில் சில நிலையங்களைத் தாண்டி மேலே போகிறது. ஒவ்வொரு இடத்தைத் தாண்டும்போதும் ஒரு சின்ன மின் அதிர்வு எழும். அதைத்தான் I, II, III, IV, V என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். முதலாவது, காதை ஒட்டிய நரம்பிலேயே எழுவது. ஐந்தாவது, மூளைத்தண்டின் மேல்பகுதியில் எழுவது. சத்தம் மெலிந்துகொண்டே போகும்போது கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஐந்தாவதுதான். அதனால்தான் எல்லா ரிப்போர்ட்டிலும் V, V என்று அதன் பேச்சாகவே இருக்கிறது. இவ்வளவும் நடந்து முடிய ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது.

மூளைத்தண்டு தூங்குவதில்லை. மேல்மூளை உறங்கினாலும் இந்தப் பாதையில் சைகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே குழந்தை கவனிக்க வேண்டாம், திரும்ப வேண்டாம், கையைத் தூக்க வேண்டாம். விழித்திருந்தாலும் இதே அலைதான் வரும். ஆனால் விழித்திருக்கும் குழந்தை சும்மா இருக்காதே. அங்கேதான் சிக்கல்.

இந்த அலை ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதே தலையில் மூளையின் மற்ற மின்னோட்டம் இதைவிடப் பல மடங்கு பெரிது. பிள்ளை உறிஞ்சினால், கழுத்தைத் திருப்பினால், முகம் சுளித்தால் அந்தத் தசைகளின் மின்சாரம் இன்னும் பெரிது. ஒரே ஒரு 'டிக்' கொடுத்து அலையைப் பார்க்க முடியாது. அதனால் ஒரே அளவில் 2000 முறை 'டிக்' கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் அசையாது. ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுத்தால் நகரும். மூளையின் மற்ற மின்னோட்டம் ஒவ்வொரு 'டிக்'குக்கும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கரைந்துவிடும். காதின் பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாக அதே நேரத்தில் வருவதால் சேர்ந்து சேர்ந்து மேலே எழும்.

வினாடிக்கு 21 'டிக்' என்று வைத்தால் 2000க்கு ஒன்றரை நிமிடம் போல ஆகும். அதே அளவை இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் அது அலை. இல்லாவிட்டால் தற்செயலாக எழுந்த மேடு. ஆக ஓர் அளவுக்கு மூன்று நிமிடம். ஒரு காதுக்கு நான்கு அளவு, இரண்டு காது என்றால் 'டிக்' சத்தத்துக்கு மட்டும் 25 நிமிடத் தூக்கம் வேண்டும். எலும்பு வழியாகவும், தாழ்ந்த சுருதி உயர்ந்த சுருதி என்று தனித்தனி ஒலிகளிலும் எடுக்க வேண்டுமானால் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். பாதியில் விழித்தால் பாதி ரிப்போர்ட்தான். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

இதில் என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காதை முழுதாக முடித்துவிட்டு மறு காதில் எடுத்ததும் 90 வைத்தால், அந்தச் சத்தத்திலேயே பிள்ளை விழிக்க வாய்ப்புண்டு. நடுத்தர அளவில் தொடங்கி, வலது கொஞ்சம் இடது கொஞ்சம் என்று மாற்றி மாற்றி எடுத்தால், எப்போது விழித்தாலும் இரண்டு காதைப் பற்றியும் ஏதாவது கையில் இருக்கும். அடுத்த முறை இடது காதில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி, இப்போது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த முக்கியமான இடத்துக்கு வருவோம். வலது காதில் 70 அளவுக்கு I – 2.6, V – 7.3 என்று இருக்கிறதே, அது மில்லி வினாடிக் கணக்கு. 'டிக்' கொடுத்த எத்தனை மில்லி வினாடியில் அந்த அலை வந்தது என்பது அதன் பொருள். உங்கள் மகன் ஒன்றரை மாதம் முந்திப் பிறந்தவன். அதனால் அவனை மூன்றரை மாதக் குழந்தை என்று வைத்துத்தான் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் நரம்பில் சைகை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். பெரியவர்களின் வேகத்தை எட்ட ஒன்றரை, இரண்டு வயதாகும். பெரியவர்களின் அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டு 'நரம்பு மந்தம்' என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். எந்த வயதின் அட்டவணையை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இந்த வயதில் 70 அளவுச் சத்தத்துக்கு முதல் அலை 1.7ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். இவனுக்கு 2.6இல் வந்திருக்கிறது. அதாவது நரம்பில் ஏறுவதற்கு முன்பே கிட்டத்தட்ட ஒரு மில்லி வினாடி தாமதம். ஆனால் ஏறிய பிறகு? 7.3இலிருந்து 2.6ஐக் கழித்தால் 4.7. முதல் அலையிலிருந்து ஐந்தாம் அலைக்குப் போக இந்த வயதுக் குழந்தைக்கு ஆகும் நேரம் அதுதான். நரம்பும் மூளைத்தண்டும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. தாமதம் வாசலிலேயே நடந்திருக்கிறது.

சத்தம் உட்காதுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே குறைந்துவிட்டால் இப்படி ஆகும். 70 கொடுத்தும் உள்ளே போய்ச் சேர்வது 40தான் என்றால், மெல்லிய சத்தத்துக்கு வரும் பதிலைப் போலவே அலை தாமதமாக வரும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருப்பதுதான் இந்த வயதில் இதற்கு வழக்கமான காரணம். சளி பிடித்த குழந்தைகளுக்கும், படுக்கவைத்துப் பால் கொடுக்கும் குழந்தைகளுக்கும், ஐ.சி.யூ.வில் குழாய் வழியாகப் பால் குடித்த குழந்தைகளுக்கும் நாங்கள் இதை அடிக்கடி பார்க்கிறோம். ஓஏஇ இரண்டு முறை 'ரெஃபர்' ஆனதும் இதோடு பொருந்துகிறது. ஓஏஇ என்பது உட்காதிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் பிடிப்பது. நடுவில் நீர் நின்றால், உட்காது நன்றாக இருந்தாலும் எதிரொலி வெளியே வராது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'நீர்தான், தானாக வற்றிவிடும்' என்று வீட்டில் உட்கார்ந்துவிட முடியாது. உட்காதிலேயே உயர்ந்த சுருதிகள் மட்டும் அதிகமாகக் குறைந்திருந்தாலும் முதல் அலை கொஞ்சம் தாமதிக்கும். நீரும் இருந்து, அதற்கு அடியில் நிரந்தரக் குறையும் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பிரித்துப் பார்க்க இரண்டு பரிசோதனைகள் வேண்டும். இரண்டும் உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை.

ஒன்று டிம்பனோமெட்ரி. காதில் ஒரு முனையை வைத்து, காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது. ஓரிரு நிமிட வேலை. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இதை 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் 226 ஹெர்ட்ஸில் எடுத்தால், குழந்தையின் காதுக் குழாய்ச் சுவரே மெதுமெதுவென்று அசைவதால், உள்ளே நீர் இருந்தும் 'நார்மல்' என்று வந்துவிடும். எந்த ஒலியில் எடுத்தார்கள் என்று தாளில் அச்சாகியிருக்கும்.

இன்னொன்று எலும்பு வழி பெரா. காதுக்குள் சத்தம் கொடுக்காமல், காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு சின்ன அதிர்வுக் கட்டையை வைத்து நேராக உட்காதை அசைப்பது. நடுக்காது நீரை இது சுற்றிக்கொண்டு போய்விடும். எலும்பு வழியில் 20 வரை அலை வந்து, காதுக்குள் சத்தம் கொடுக்கும் காற்று வழியில் 50இல் நின்றால், உட்காது நன்றாக இருக்கிறது, நடுவில்தான் அடைப்பு என்று தெளிவாகிவிடும். அப்போது காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நீர் வற்றியதும் மறுபடி ஒரு பெரா எடுத்து உறுதி செய்வார்கள். எலும்பு வழியிலும் 50இல்தான் அலை நிற்கிறது என்றால் குறை உட்காதில் இருக்கிறது. அது வற்றிப் போகும் விஷயம் இல்லை. அப்படி வந்தால் ஆறு மாதம் நிறைவதற்குள் காதுக் கருவி பொருத்திவிடுவது நல்லது. கைக்குழந்தைக்குக் கருவியா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு மாதக் குழந்தைக்கே பொருத்துகிறார்கள்.

இடது காதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. 90இல் அலை வந்தது நல்ல சேதிதான்; நரம்பு சைகையைக் கொண்டு போகிறது. அதன் எல்லை 30ஆகவும் இருக்கலாம், 80ஆகவும் இருக்கலாம். 'இடது காது 90' என்று யாராவது எழுதிவிட்டால் அதை எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே முடிந்தது பரிசோதனை மட்டும்தான்.

அலை எங்கேயுமே வராத ரிப்போர்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.சி.யூ. வாசலில் பழகிய வேறு தாய்மார்கள் உங்களிடம் காட்டக்கூடும். 90இலும் அலை இல்லை என்றால் துளியும் கேட்காது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த மெஷின் கொடுக்கக்கூடிய சத்தத்துக்கே ஓர் எல்லை உண்டு, அதற்கு மேலே என்ன மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது. 'டிக்' சத்தம் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளைத்தான் தட்டிப் பார்க்கிறது. தாழ்ந்த சுருதிகளில் கேட்கும் சக்தி இருந்தாலும் இதில் தெரியாமல் போகலாம். இன்னொன்றும் உண்டு. கடுமையான காமாலை வந்த சில குழந்தைகளுக்கு உட்காது நன்றாக இருக்கும், ஓஏஇ பாஸ் ஆகும், ஆனால் நரம்பு சைகைகளை ஒரே நேரத்தில் அனுப்பாமல் முன்னும் பின்னுமாக அனுப்பும். அப்போது சராசரியில் எல்லாம் கரைந்து கோடு தட்டையாகிவிடும். அதனால்தான் ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது, பாஸ் ஆனாலும் பெரா எடுங்கள் என்கிறோம். உங்கள் மகனுக்கு வலது காதில் அலைகள் தெளிவாக வரிசையாக வந்திருப்பதால் அந்தப் பயம் அந்தக் காதில் இல்லை.

இனி ஆச்சி விஷயம். ஆச்சி பார்த்தது பொய்யில்லை. எவர்சில்வர் டம்ளர் சிமெண்ட் தரையில் விழும் சத்தம் 80ஐத் தாண்டும். 40க்கு மேல் கேட்கும் குழந்தை அதற்குத் தாராளமாகத் திரும்பும். ஒரு காது மட்டும் நன்றாக இருந்தாலும் திரும்பும். டம்ளர் விழுவதற்கு முன்னால் ஆளின் நிழலையோ கையசைவையோ பார்த்துத் திரும்புவதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது 60 பக்கம், குசுகுசுப்பது 30 பக்கம். இவனுக்கு இப்போது உங்கள் பேச்சு கேட்கிறது, ஆனால் மங்கலாக. அதிலும் ச, த, ப போல மெல்லிசாக ஒலிக்கும் எழுத்துகள் நழுவிப்போகும். டம்ளர் சோதனையில் இது தெரியவே தெரியாது. ஆக, ஆச்சியும் மெஷினும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஆச்சியிடம் அப்படியே சொல்லுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் நீர் கோத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வந்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். எண்ணெய் செவிப்பறைக்கு வெளியே நிற்கும். நீர் இருப்பது உள்ளே. அடுத்த பரிசோதனைதான் கெடும்.

அடுத்த முறை தூங்கவைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு தலையில் எண்ணெய், நெற்றியில் மை, பவுடர் எதுவும் வேண்டாம். உச்சி நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். ஒட்டும் இடத்தை ஒரு களிம்பு வைத்து லேசாகத் தேய்ப்பார்கள். தோல் சிவக்கும், வலிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்சாரம் சரியாக ஏறாது. தோலின் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால்தான் தொடங்குவார்கள். எண்ணெய்த் தலையோடு வந்தால் தேய்த்துத் தேய்த்து அதிலேயே பிள்ளை விழித்துவிடும்.

பஸ்தான் பெரிய எதிரி. வீரவநல்லூரில் ஏறினால் சேரன்மாதேவி தாண்டுவதற்குள் ஜன்னல் காற்றுக்குத் தூங்கிவிடுவான். டவுன் வந்து இறங்கும்போது முழுத் தூக்கமும் போட்டுவிட்டு, பரிசோதனை அறையில் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். அன்றைக்கு மட்டும் கூட ஓர் ஆளை அழைத்து வாருங்கள். அவன் கண் சொருகும்போதெல்லாம் நிமிர்த்தி வைத்து, வேடிக்கை காட்டி, முகம் துடைத்து, விழிக்கவைத்தபடியே கொண்டுவர வேண்டும். காலையில் வழக்கத்தைவிட முன்னதாக எழுப்பிவிடுங்கள். பால் கொடுக்கும் நேரத்தைத் தள்ளி, எலக்ட்ரோடு ஒட்டி முடித்த பிறகு அங்கேயே வயிறு நிறையக் கொடுங்கள். ஒட்டிவிட்டுத் தூங்கவைப்பதுதான் சரி. தூங்கவைத்துவிட்டு ஒட்டப்போனால் எழுந்துவிடும். வீட்டில் தொட்டில் கட்டும் சேலையையே எடுத்து வாருங்கள், பழகிய மணம் இருக்கும். உங்கள் மடியிலேயே தூங்கினாலும் எடுக்கலாம், நீங்கள் அசையாமல் இருந்தால் போதும்.

உங்கள் போனை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். சார்ஜர், ட்யூப்லைட், மின்விசிறி எல்லாம் கோட்டில் நடுக்கமாக ஏறும். எர்த் சரியில்லாத கட்டிடத்தில் நாங்களே இதோடு மல்லுக்கட்டுவோம். கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும்போது 'அலை இல்லை' என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. கோடு அமைதியாக, தட்டையாக இருந்து, அதில் அலை இல்லாமல் இருந்தால்தான் அது 'இல்லை'. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 40இன் கோட்டைப் பாருங்கள். அது சமமாக ஓடியிருந்தால் 50 என்ற எல்லையை நம்பலாம். ரம்பப் பல் மாதிரி இருந்தால், அதற்குள் பிள்ளை நெளிய ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். 40இலும் 30இலும் மறுபடி எடுக்க வேண்டும்.

மருந்து பற்றிய பயம் புரிகிறது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு, மேலே சொன்னபடி வந்தால், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. தேவைப்பட்டால் நம் பக்கம் வழக்கமாகக் கொடுப்பது டிரைக்லோஃபாஸ் என்ற இனிப்பு சிரப். அது மயக்க ஊசி இல்லை, தூக்கத்துக்கான மருந்து. அலைகளை அது மாற்றாது, அதனால் முடிவு கெடுமோ என்ற சந்தேகம் வேண்டாம். கவனிக்க வேண்டியது மூச்சைத்தான். உங்கள் மகன் குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறலோடு இருந்தவன் என்பதைக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடை பார்த்து, குழந்தைகள் மருத்துவர் சொன்ன அளவில், மருத்துவமனையிலேயே கொடுக்க வேண்டும். விரலிலோ பாதத்திலோ ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டியிருக்க வேண்டும். மருந்து கொடுப்பதாக இருந்தால் பால் கொடுக்கும் நேரக் கணக்கும் மாறும், அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 'வீட்டிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூக்கடைப்போ சளியோ இருந்தால் அன்றைய தேதியைத் தள்ளிப்போடுங்கள். முடிந்த பிறகு நன்றாக விழித்து, பால் குடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அரைத்தூக்கத்தில் கழுத்து மடங்கினால் மூச்சுக்கு இடைஞ்சல்.

மறுபடி எப்போது போவது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, 1000 ஹெர்ட்ஸ் டிம்பனோமெட்ரி எடுத்துவிடுங்கள். பெராவை இன்னும் இரண்டு, மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நாள் ஆக ஆகப் பிள்ளை இயல்பாகத் தூங்கும் நேரம் குறையும், மருந்தின் தேவை கூடும். போகும்போது ஆடியாலஜிஸ்டிடம் இந்த வரிசையில் கேளுங்கள்: முதலில் இடது காது, காற்று வழி, அடுத்து இரண்டு காதிலும் எலும்பு வழி, தூக்கம் மிச்சமிருந்தால் 500 ஹெர்ட்ஸிலும் 2000 ஹெர்ட்ஸிலும் தனித்தனி ஒலி. வலது காது 'டிக்' கணக்கு ஏற்கெனவே கையில் இருப்பதால் அதைத் திரும்ப எடுத்துத் தூக்கத்தை வீணாக்க வேண்டாம், 40இன் கோடு ரம்பமாக இருந்தாலொழிய.

முடிவுத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், கோடுகள் வரைந்த பக்கங்களையும் சேர்த்து அச்செடுத்து வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்டுக்கும் அந்தப் பக்கங்கள் கணினியில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அடுத்து யார் பார்த்தாலும் 'V – 50' என்ற எழுத்தைவிட அந்தக் கோடுகள்தான் அவர்களுக்கு உதவும்.